பொருள்: அம்மா முனியம்மாளின் டாக்டர் அப்பாயின்ட்மெண்டை மாற்ற வேண்டும்: ஏப்ரல் 10-க்குப் பதிலாக ஏப்ரல் 21

வணக்கம்.

என் அம்மா முனியம்மாளுக்கு (வயது 68, பெகு) ஏப்ரல் 10, 2026 வெள்ளிக்கிழமை காலை 10.30 மணிக்கு டாக்டர் அம்மாவைப் பார்க்க நேரம் கொடுத்திருந்தீர்கள். அன்று அம்மாவால் வர முடியாது. தம்பி மனைவியைப் பிரசவத்துக்குச் சேர்த்திருக்கிறோம், அம்மாதான் கூட இருந்து பார்த்துக்கொள்கிறார்.

அடுத்த வாரம் திஞ்ஜான் தண்ணீர்த் திருவிழா, பஸ்ஸும் கிடைக்காது. அதனால் ஏப்ரல் 21, செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்கு மாற்றித் தர முடியுமா? பெகுவிலிருந்து ரங்கூன் வந்து சேர வேண்டும், 10 மணிக்கு முன்னால் என்றால் கஷ்டம். அன்று 11 மணி இல்லையென்றால் மதியம் 2 மணியும் சரி.

இரண்டு விஷயம் டாக்டர் அம்மாவிடம் தயவுசெய்து கேட்டுச் சொல்லுங்கள். சர்க்கரை மாத்திரை மெட்ஃபார்மின் 12-ஆம் தேதியோடு தீர்ந்துவிடும். 21 வரை அதே அளவில் இங்கேயே வாங்கிக் கொடுக்கலாமா? அப்புறம், இடது கால் பெருவிரலில் செருப்பு கடித்த கொப்புளம் இப்போது காய்ந்திருக்கிறது. சீழ் இல்லை, வீக்கமும் இல்லை. ஆனாலும் சர்க்கரை உள்ள கால் என்பதால் எனக்குப் பயமாகவே இருக்கிறது. தள்ளிப்போடக் கூடாது என்று டாக்டர் சொன்னால் நானே லீவு போட்டு 10-ஆம் தேதியே அழைத்து வருகிறேன்.

வரும்போது வெறும் வயிற்றில் எடுத்த ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டையும் கொண்டுவருகிறோம். பதிலை இந்த மெயிலிலோ, அம்மாவின் கார்டில் உள்ள என் நம்பரிலோ சொன்னால் போதும்.

நன்றி.

செல்வராஜ்
(முனியம்மாளின் மூத்த மகன்)