கடைசிப் படி

படகு ஏணியின் கடைசிப் படியில் மீனாட்சி நின்றுவிட்டாள். மார்பு வரை கடல். முதுகில் சிலிண்டர், இடுப்பில் ஈயப் பட்டை. முந்தின நாள் நீச்சல் குளத்தில் எல்லாம் சரியாகத்தான் செய்திருந்தாள். அங்கே தரையில் பதித்த ஓடு தெரிந்தது. புதுச்சேரிக் கரையிலிருந்து இவ்வளவு தூரம் வந்தபின், காலுக்குக் கீழே வெறும் பச்சை.

"தம்பி, எனக்கு வேண்டாம்."

"சரிக்கா, வேண்டாம்" என்றான் அமல். அவன் ஏற்கெனவே தண்ணீரில் இருந்தான். ஒரு கையால் ஏணியைப் பிடித்தபடி, மறு கையால் அவள் ஜாக்கெட்டின் பொத்தானை அழுத்திக் காற்று ஏற்றினான். அது உப்பி அவளைத் தாங்கியது. "இப்ப கையை விட்டாலும் மிதப்பீங்க. விடச் சொல்லலை. எது பயமா இருக்கு?"

அவள் மூச்சு மேலே மேலே ஏறிக்கொண்டிருந்தது.

"உள்ளே போய் காற்று நின்னுட்டா?"

அவன் சிரிக்கவில்லை. குழாயோடு தொங்கிய காற்றழுத்த மீட்டரை எடுத்து அவள் கண்ணெதிரே பிடித்தான். முள் 200-இல் நின்றது. "ரெகுலேட்டரை வாயில் வெச்சு மூச்சு இழுங்க. என்னைப் பார்க்காதீங்க, முள்ளைப் பாருங்க."

இழுத்தாள். முள் அசையவில்லை. இன்னொரு முறை. அப்போதும் அசையவில்லை.

"வால்வு சரியாத் திறக்கலைன்னா, ஒவ்வொரு தடவை இழுக்கும்போதும் முள் கீழே விழுந்து எழும். உங்களுக்கு அப்படியே நிக்குது. அதையும் மீறி ஏதாச்சும்னா இது இருக்கு." தன் மார்பில் மாட்டியிருந்த மஞ்சள் ரெகுலேட்டரைத் தொட்டுக் காட்டினான். "இது உங்களுக்குன்னே நான் சுமக்கறது."

அவள் அதைக் கையால் பிடித்துப் பார்த்தாள்.

"இப்ப முகத்தை மட்டும் தண்ணியில வைங்க. ஏணியை விட வேண்டாம். இழுக்கறதைப் பத்திக் கவலையே படாதீங்க, அது தானா வரும். விடறதை மட்டும் நீளமா விடுங்க. மூச்சை அடக்க மட்டும் கூடாது."

முதலில் குமிழிகள் கொத்துக் கொத்தாக அவசரமாய் வந்தன. அமல் எதுவும் பேசவில்லை. பயந்தவர்களிடம் அந்த நேரத்தில் பேச்சுக் கொடுத்தால் மறுபடி மூச்சு சிதறும், காத்திருப்பதுதான் வேலை. கொஞ்ச நேரத்தில் குமிழிகள் இடைவெளி விட்டு, ஒரே சரமாக வரத் தொடங்கின.

அவள் நிமிர்ந்து ரெகுலேட்டரை எடுத்தாள். "எவ்வளவு ஆழம்?"

"ஆறு மீட்டர். நங்கூரக் கயிற்றைப் பிடிச்சுக்கிட்டே போறோம். காது அடைக்கறதுக்கு முன்னாடியே மூக்கைப் பிடிச்சு மெதுவா ஊதுங்க. வலிச்சா நிறுத்திடுவோம்."

"பாதியில மேலே வரணும்னா?"

"கட்டைவிரலை மேலே காட்டுங்க. ரெண்டு பேரும் மெதுவா வந்துடுவோம்."

"ஏன்னு கேட்பீங்களா?"

"கேட்க மாட்டேன். படகுல ஏறினப்புறமும் கேட்க மாட்டேன்."

மீனாட்சி ரெகுலேட்டரைக் கடித்துக்கொண்டாள். முகமூடியின் விளிம்பை ஒருமுறை அழுத்திப் பார்த்தாள். பிறகு ஏணியை விட்டு, அவன் முழங்கையைப் பற்றிக்கொண்டு, கட்டைவிரலைக் கீழே காட்டினாள்.