வாசலில் ஒண்ணு, திண்ணையில் ரெண்டு: இரண்டு மூன்று வயசுக்காரர்களுக்கு ஓர் எண்ணுப் பாட்டு

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொள்கிற டீச்சர்களுக்கும், வீட்டில் பேரன் பேத்தியோடு பகல் முழுக்க மல்லுக்கட்டுகிற அப்பத்தாக்களுக்கும் இந்தத் தாள். பாட்டு முழுசாக இருக்கிறது. ஒவ்வொரு எண்ணுக்கும் என்ன செய்ய வேண்டும் என்பதும் பக்கத்திலேயே இருக்கிறது.

"எங்க பிள்ளை பத்து வரைக்கும் கடகடன்னு சொல்லுவான்" என்று அம்மாக்கள் பெருமையாகச் சொல்வார்கள், சொல்லவும் செய்வான். ஆனால் அவன் முன்னால் நாலு பிஸ்கட்டை வைத்து எண்ணச் சொன்னால் விரல் ஒரு பக்கம் ஓடும், வாய் ஒரு பக்கம் ஓடும், கடைசியில் ஏழு என்று முடிப்பான். வாய்க்கு வரிசை வந்துவிட்டது, அவ்வளவுதான். ஒண்ணு என்றால் எவ்வளவு, ரெண்டு என்றால் எவ்வளவு என்பது இந்த வயசில் ஒவ்வொன்றாக, மாசக்கணக்கில்தான் பிடிபடும். அதனால் இந்தப் பாட்டு வேகமாக ஓடாது. ஒரு எண்ணுக்கு ஒரு தட்டு, ஒரு தொடல், அப்புறம் கட்டாயம் ஒரு கேள்வி: எத்தனை? அந்தக் கேள்விக்குப் பதில் வரும் வரை நீங்கள் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். அதுதான் கஷ்டம்.

மெட்டு நம் கும்மி மெட்டுதான், கைதட்டுக்கு ஏற்ற மாதிரி நிதானமாக. பிள்ளைகளை வட்டமாக உட்கார வையுங்கள், நீங்களும் தரையில் உட்காருங்கள், நாற்காலி வேண்டாம்.

ஆரம்பம்

வாங்க வாங்க எண்ணலாம்
வளவைச் சுத்தி எண்ணலாம்
கையைத் தட்டி எண்ணலாம்
காலைத் தட்டி எண்ணலாம்!

முதல் இரண்டு வரிக்கு 'வா' என்று கையால் கூப்பிடுங்கள், மூன்றாவதில் கை, நாலாவதில் தொடை. இங்கே எண்ணிக்கை ஒன்றும் இல்லை, அழுதுகொண்டு வந்த பிள்ளை அடங்கட்டும் என்பதற்காக வைத்தது. தேவைப்பட்டால் இரண்டு மூன்று முறை பாடலாம்.

ஒண்ணு

ஒண்ணு ஒண்ணு வாசக்கதவு
ஓங்கித் தட்டு, டொக்!
எத்தனை தட்டு? ஒண்ணு!

தரையில் ஒரே ஒரு தட்டு. பிள்ளைகளுக்குத் தட்ட ஆரம்பித்தால் நிறுத்த மனசு வராது, டொக் டொக் டொக் என்று போவார்கள். திட்டாதீர்கள். உங்கள் கையை மேலே தூக்கி அப்படியே நிறுத்துங்கள், முகத்தைப் பெரிசாக வைத்துக்கொள்ளுங்கள், அவர்களும் நிறுத்துவார்கள். தட்டுவதைவிட நிறுத்துவதில்தான் ஒண்ணு இருக்கிறது.

ரெண்டு

ரெண்டு ரெண்டு திண்ணையிருக்கு
இந்தப் பக்கம், அந்தப் பக்கம்!
எத்தனை திண்ணை? ரெண்டு!

வலது தொடை, இடது தொடை.

மூணு

மூணு மூணு அடுப்புக்கல்லு
மூட்டித் தீயை ஊது
ஃபூ! ஃபூ! ஃபூ!
எத்தனை ஊது? மூணு!

வீட்டில் எல்லாருக்கும் கேஸ் அடுப்பு வந்துவிட்டது, ஆனால் பொங்கலுக்கு வாசலில் கல் வைத்துப் பானை ஏற்றுவதைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். மூன்று குட்டித் தலையணையை நடுவில் போட்டு அடுப்பு மாதிரி வைத்தால் இன்னும் நல்லது, ஒவ்வொரு கல்லையும் பார்த்து ஒரு ஊது. முகத்தில் எச்சில் தெறிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ரெண்டு வயசு ஆன சின்னதுகளுக்கு முதல் சில வாரம் பாட்டை இங்கேயே நிறுத்திவிடுங்கள். மூணு வரைக்கும் நன்றாக வந்தால் போதும், மற்றது தானாகப் பின்னால் வரும்.

நாலு

நாலு நாலு தேக்குத்தூணு
நல்லாத் தொட்டுப் பாரு
தொட்டாச்சு! தொட்டாச்சு! தொட்டாச்சு! தொட்டாச்சு!
எத்தனை தூணு? நாலு!

தூண் எங்கே என்று தேட வேண்டாம், பிள்ளையின் உடம்புதான் வீடு. ஒரு தோள், இன்னொரு தோள், ஒரு முட்டி, இன்னொரு முட்டி. பெரிய வீடுகள் பாதி, கல்யாணம் காட்சி என்றால்தான் திறக்கின்றன, பட்டாலைத் தூணைக் கட்டிப்பிடித்து விளையாடிய பிள்ளை நம் வகுப்பில் எத்தனை பேர் இருப்பார்கள்? பக்கத்தில் அப்படி ஒரு வீடு திறந்திருந்தால், கேட்டுக்கொண்டு ஒரு நாள் கூட்டிப்போய் நிஜத் தூணைத் தொட்டே இந்த வரியைப் பாடுங்கள்.

அஞ்சு

அஞ்சு அஞ்சு பணியாரம்
ஆச்சி சுட்ட பணியாரம்
சொய்! சொய்! சொய்! சொய்! சொய்!
எத்தனை பணியாரம்? அஞ்சு!

பாட்டில் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான், அவசரப்படாதீர்கள். இடது கையை விரித்துக் காட்டினால் அது பணியாரக் கல். வலது கையின் ஐந்து விரல்களையும் குவித்துக் கரண்டியாக்கி, இடது கட்டைவிரலில் ஆரம்பித்து ஒவ்வொரு விரல் நுனியிலும் மாவு ஊற்றுங்கள், ஒரு விரலுக்கு ஒரு சொய். தாண்டிப் போகிற பிள்ளை இருக்கும், ஒரே விரலில் மூன்று தடவை ஊற்றுகிற பிள்ளையும் இருக்கும். அவன் கையைப் பிடித்துக்கொண்டு நீங்களும் சேர்ந்து ஊற்றுங்கள், தப்பு என்று சொல்ல வேண்டாம். பதில் சொன்னதும் கையை மடக்கி வாயில் போட்டு 'அம்ம்' என்று தின்று முடித்தால்தான் அடுத்ததுக்குப் போக முடியும், இல்லாவிட்டால் "பணியாரம் எங்க?" என்று கேட்பார்கள்.

ஆறு

ஆறு ஆறு பூக்கல்லு
ஆத்தங்குடிப் பூக்கல்லு
பதி! பதி! பதி! பதி! பதி! பதி!
எத்தனை கல்லு? ஆறு!

இரண்டு உள்ளங்கையையும் சேர்த்துத் தரையில் அழுத்துங்கள், கல் பதிக்கிற மாதிரி. ஒவ்வொரு 'பதி'க்கும் கை கொஞ்சம் தள்ளிப் போக வேண்டும், ஒரே இடத்தில் அழுத்தினால் கல்லுக்கு மேல் கல்லாகிவிடும். வகுப்பில் ஆத்தங்குடிக் கல் பதித்த தரை இருந்தால் பூவுக்குப் பூ கை வைக்கலாம். இல்லாவிட்டால் சாக்பீஸில் ஆறு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். முடிந்ததும் ஒரு கை விரித்து, மறு கையில் ஒரு விரல் மட்டும் நீட்டிக் காட்டுங்கள். ஆறிலிருந்து பத்து வரை இதே மாதிரி: ஒரு கை முழுசு, மற்றக் கையில் ஒவ்வொன்றாகக் கூடுகிறது.

ஏழு

ஏழு ஏழு பல்லாங்குழி
ஏழு குழியும் தொட்டு வா
டக்! டக்! டக்! டக்! டக்! டக்! டக்!
எத்தனை குழி? ஏழு!

பல்லாங்குழிப் பலகையில் பக்கத்துக்கு ஏழு குழி, அந்த ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் பழைய பலகை ஏதாவது பரணில் கிடக்கும், துடைத்துக் கொண்டுவாருங்கள். ஆனால் சோழி, புளியங்கொட்டை எதுவும் கூடாது. இந்த வயசில் எல்லாம் வாய்க்குள்ளோ மூக்குக்குள்ளோதான் போகும், தொண்டையில் அடைத்தால் பெரிய ஆபத்து. காலிக் குழியில் விரலை வைத்து எடுத்தாலே போதும். இடமிருந்து வலமாக, ஒரு குழிக்கு ஒரு டக். ஒரு நேரத்தில் ஒரு பிள்ளை தொடட்டும், மற்றவர்கள் டக் சொல்லட்டும்.

எட்டு

எட்டு வச்சு எட்டு வச்சு
எட்டிப் பாரு ஊரணி
தம்! தம்! தம்! தம்! தம்! தம்! தம்! தம்!
எத்தனை வச்சோம்? எட்டு!

இதற்குள் பிள்ளைகள் நெளிய ஆரம்பித்திருப்பார்கள், எழுப்பி விடுங்கள். நாலு அடி முன்னால், ஊரணிக்குள் குனிந்து பார்க்கிற மாதிரி ஒரு எட்டிப் பார்ப்பு, திரும்பி நாலு அடி. எட்டிப் பார்க்கும்போது எண்ணக் கூடாது, அது சும்மா. முன்னால் நிற்கிற பிள்ளைமேல் பின்னால் நிற்பது மோதும், அதனால் பத்துப் பேருக்கு மேல் இருந்தால் நின்ற இடத்திலேயே கால் தூக்கி வைக்கச் சொல்லுங்கள்.

ஒம்பது

ஒம்பது ஒம்பது கோயில்மணி
ஓங்கி ஆட்டு கோயில்மணி
டாண்! டாண்! டாண்! டாண்! டாண்!
டாண்! டாண்! டாண்! டாண்!
எத்தனை மணி? ஒம்பது!

நகரத்தாருக்கு இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, பிள்ளையார்பட்டி என்று ஆரம்பித்து ஒன்பது கோயில், ஒரு கோயிலுக்கு ஒரு மணி. பிள்ளைகளிடம் இதையெல்லாம் விளக்க வேண்டாம், கூட உட்கார்ந்திருக்கிற ஆச்சிகள் தாங்களே ஊர் பேரைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள், சொல்லட்டும். வலது கையால் கயிற்றை இழுத்து ஐந்து, மூச்சு விட்டு, இடது கையால் நாலு. ஒரேயடியாக ஒன்பது இழுத்தால் நடுவில் கணக்கு விட்டுப்போகும், பெரியவர்களுக்கே போகும்.

பத்து

பத்து பத்து விரலு பாரு
பத்துக்கும் மருதாணி போடு
ஒண்ணு ரெண்டு மூணு நாலு அஞ்சு
ஆறு ஏழு எட்டு ஒம்பது பத்து!
எத்தனை விரலு? பத்து!

பாட்டு முழுக்க எண்களை வரிசையாகச் சொல்கிற ஒரே இடம் இதுதான், வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தது. பிள்ளைகளை ரெண்டு ரெண்டு பேராக எதிரெதிரே உட்கார வையுங்கள். ஒருவர் இரண்டு கையையும் நீட்ட, மற்றவர் நகத்துக்கு நகம் மருதாணி வைக்கிற மாதிரி தொட்டு எண்ணட்டும், அடுத்த தடவை கை மாறட்டும். தன் விரலை எண்ணும்போது எண்ணுகிற விரலே மாட்டிக்கொள்ளும், அடுத்தவர் விரல் என்றால் அந்தத் தொல்லை இல்லை.

முடிவு

எண்ணி முடிச்சோம் எண்ணி முடிச்சோம்
எல்லாரும் கையைக் காட்டு
காஞ்சு போச்சு, கழுவி வாங்க
சிவந்திருக்கா பாரு!

கையை ஆட்டிக் காய வையுங்கள், கழுவுகிற மாதிரி தேயுங்கள், உள்ளங்கையைப் பக்கத்துப் பிள்ளைக்குக் காட்டச் சொல்லுங்கள். "ஆமா, சிவந்திருக்கு" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிவிடுங்கள், ஒருவரை விட்டாலும் வம்பு.

ஒரு நாளைக்கு ஒரு தடவை போதும், முழுப் பாட்டும் தினமும் வேண்டியதில்லை. மூணு வயசு தாண்டியதுகள் அஞ்சில் நின்று ஒரு வாரம் பழகிவிட்டு அடுத்ததுக்குப் போகட்டும். நடுவில் எந்த வரி பிடிக்கவில்லையோ அதைத் தாண்டிப் போகலாம், எண்ணை மட்டும் தாண்டக் கூடாது.

பாட்டு முடிந்த கையோடு சுண்டல் கொடுக்கிற நேரம் வரும். அப்போது ஓரிரண்டு பிள்ளைகளிடம் மட்டும், பாடாமல், சாதாரணமாகக் கேட்டுப் பாருங்கள்: "டீச்சருக்கு ரெண்டு தட்டு எடுத்துட்டு வா." ரெண்டு வந்தால் சரி. கைநிறைய அள்ளிக்கொண்டு வந்தால் வாங்கி அடுக்கிவிட்டு, நாளைக்குத் திண்ணையிலிருந்து பாட ஆரம்பியுங்கள்.