செங்காந்தள் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமையாளர் சங்கம், சென்னை: ஆண்டுப் பொதுக்குழுக் கூட்ட நடவடிக்கைக் குறிப்பு

நாள்: 29-06-2025, ஞாயிற்றுக்கிழமை
இடம்: குடியிருப்பு வளாகச் சமுதாயக் கூடம்
அறிவிப்பு அனுப்பிய நாள்: 06-06-2025 (நிகழ்ச்சி நிரல், தணிக்கை செய்த கணக்கு, லிஃப்ட் விலைப்புள்ளிகள் இணைக்கப்பட்டன)
தலைமை: திருமதி வசந்தா, தலைவர் (பி-401)
குறிப்பு எழுதியவர்: இளங்கோ, செயலாளர் (ஏ-602)

வருகையும் குறைவெண்ணும்

மொத்த வீடுகள் 96. மூன்று மாதத்துக்கு மேல் கட்டணப் பாக்கி வைத்துள்ள 4 வீடுகளுக்குச் சங்க விதிப்படி வாக்கு இல்லை. எனவே வாக்குரிமை உள்ளவை 92. குறைவெண் 31, அதுவும் நேரில் வந்தவர்கள் மட்டும். காலை 10.00 மணிக்கு 26 பேரே இருந்ததால் கூட்டம் தொடங்கவில்லை. 10.30-க்கு நேரில் 41 பேர் இருந்தனர். தலைவர் கூட்டத்தைத் தொடங்கினார்.

அதிகாரக் கடிதங்கள் 13 வந்திருந்தன. ஒன்றில் உரிமையாளரின் கையொப்பம் இல்லை. இன்னொன்று ஒரே நபரிடம் இருந்த மூன்றாவது கடிதம். ஒருவர் இரண்டுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. இவ்விரண்டும் நீங்க, 11 ஏற்கப்பட்டன. தொடக்கத்தில் வாக்குகள் 52. பிறகு 8 பேர் வந்து சேர, 60 ஆனது. இடையில் சிலர் கிளம்பியதால் ஒவ்வொரு வாக்கெடுப்பின்போதும் இருந்த எண்ணிக்கை அந்தந்த இடத்தில் தரப்பட்டுள்ளது.

1. முந்தைய கூட்டக் குறிப்பை உறுதி செய்தல்

சென்ற ஆண்டுக் குறிப்பில் "வெளிச்சுவர் வண்ணப்பூச்சு முதலில்" என்று இருப்பது தவறு, மொட்டை மாடி நீர்க்கசிவுத் தடுப்பு வேலைதான் முதலில் என்று முடிவானது எனத் திரு. செல்வராஜ் (பி-302) சுட்டிக்காட்டினார். அப்போது கூட்டத்தில் இருந்த பலரும் ஆமோதித்ததால் திருத்தம் ஏற்கப்பட்டது.

தீர்மானம் 1: திருத்தத்துடன் குறிப்பு உறுதி செய்யப்படுகிறது.
முன்மொழிந்தவர்: செல்வராஜ் (பி-302). வழிமொழிந்தவர்: திருமதி மேரி (ஏ-103). மறுப்பின்றி நிறைவேறியது.

2. 2024-25 ஆண்டுக் கணக்கு

பொருளாளர் திரு. ஜாபர் (சி-203) கணக்கைப் படித்தார். பராமரிப்புக் கட்டணம் ரூ. 47,12,600, வட்டி ரூ. 1,86,400, சமுதாயக் கூட வாடகை ரூ. 94,000, ஆக வரவு ரூ. 49,93,000. செலவு ரூ. 51,47,000. பற்றாக்குறை ரூ. 1,54,000, நடப்புக் கணக்கின் முந்தைய இருப்பிலிருந்து ஈடுகட்டப்பட்டது. லாரித் தண்ணீருக்கு முந்தைய ஆண்டு ரூ. 5,90,000 ஆனது, இந்த ஆண்டு ரூ. 8,64,000. இந்த ஒரு தலைப்பு ஏறாமல் இருந்திருந்தால் பற்றாக்குறையே வந்திருக்காது என்றார்.

"இதர செலவு ரூ. 38,500" என்றால் என்ன என்று திரு. பாலாஜி (ஏ-704) கேட்டார். மழையில் சாய்ந்த மரங்களை வெட்டி அகற்றியது, மோட்டார் அறையில் தேங்கிய நீரை இறைத்தது ஆகியவற்றுக்கான வவுச்சர்கள் அங்கேயே காட்டப்பட்டன. அடுத்த ஆண்டிலிருந்து ரூ. 10,000-க்கு மேற்பட்ட எதையும் "இதர" தலைப்பில் போடக் கூடாது என்ற அவரது யோசனையைப் பொருளாளர் ஏற்றுக்கொண்டார். நியாயமான கேள்விதான்.

தீர்மானம் 2: தணிக்கை செய்த கணக்கு ஏற்கப்படுகிறது, தற்போதைய தணிக்கையாளரே 2025-26-க்கும் தொடர்வார்.
முன்மொழிந்தவர்: பாலாஜி (ஏ-704). வழிமொழிந்தவர்: திருமதி கனகா (சி-501).
இருந்த வாக்குகள் 52. ஆதரவு 49, எதிர்ப்பு 0, நடுநிலை 3. நிறைவேறியது.

3. சி பிளாக் லிஃப்ட்டுகள்

கூட்டத்தின் பாதி நேரம் இதற்கே போனது.

செயலாளர் நிலைமையை விளக்கினார். சி பிளாக்கின் இரண்டு லிஃப்ட்டுகளும் 2009-இல் பொருத்தப்பட்டவை. கதவு சென்சார், கன்ட்ரோலர் போர்டு இரண்டுக்கும் இனி உதிரிபாகம் தயாரிப்பதில்லை என்று பராமரிப்பு நிறுவனம் எழுத்தில் தெரிவித்துவிட்டது. மூன்று விலைப்புள்ளிகளில் மிகக் குறைந்தது, வரி உட்பட, லிஃப்ட் ஒன்றுக்கு ரூ. 13,50,000, இரண்டுக்கும் ரூ. 27,00,000. கார்பஸ் நிதியில் ரூ. 68,40,000 வைப்பாக உள்ளது. அதிலிருந்து எடுத்தால் ரூ. 41,40,000 மிஞ்சும். கார்பஸைத் தொட, வந்திருக்கும் வாக்குகளில் முக்கால் பங்கு ஆதரவு வேண்டும்.

மாற்றாமல் கன்ட்ரோலர், கதவு, கம்பி வடம் மட்டும் புதுப்பித்தால் ஒன்றுக்கு ரூ. 6,20,000-தான் ஆகும் என்று திரு. ரமேஷ் (ஏ-303) சொன்னார். கேபினும் மோட்டாரும் பழையதாகவே இருக்கும், இன்னும் சில ஆண்டுகளில் மறுபடி இதே கூடத்தில் இதே பேச்சுத்தான் நடக்கும் என்று திருமதி கனகா (சி-501) பதில் சொன்னார். தன் மாமியார் சக்கர நாற்காலியில் இருப்பவர், மே மாதம் லிஃப்ட் நின்றபோது மருத்துவமனைக்குப் போக அவரை ஐந்து மாடி தூக்கிக்கொண்டு இறங்க வேண்டியிருந்தது என்றும் தெரிவித்தார். இதன் பிறகு "பழுது பார்த்தால் போதும்" என்ற பேச்சு அடங்கியது. ஆனால் "யார் பணம்?" என்ற பேச்சு தொடங்கியது.

ஏ பிளாக் லிஃப்ட்டுகள் நன்றாக இருக்கும்போது அந்த பிளாக்காரர்கள் ஏன் பங்கு தர வேண்டும் என்று திரு. ரமேஷ் கேட்டார். ஏ பிளாக் மொட்டை மாடி வேலைக்குப் போன ஆண்டு எல்லாருடைய பணமும்தானே செலவானது என்று சி பிளாக் வரிசையிலிருந்து பல குரல்கள் எழுந்தன. ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிட வேண்டாம் எனத் தலைவர் இரண்டு முறை கேட்டுக்கொண்டார். இதில் பேசப்பட்ட அனைத்தையும் இங்கே எழுதத் தேவையில்லை என்பது தலைவரின் கருத்து, செயலாளருடையதும் அதுவே.

திருத்தம் 3-அ: மொத்தச் செலவில் பாதியை சி பிளாக்கின் 32 வீடுகள் மட்டும் ஏற்க வேண்டும்.
முன்மொழிந்தவர்: ரமேஷ் (ஏ-303). வழிமொழிந்தவர்: திரு. தாமஸ் (ஏ-801).
கை உயர்த்தி வாக்கெடுப்பு. இருந்த வாக்குகள் 60. ஆதரவு 19, எதிர்ப்பு 38, நடுநிலை 3. தோற்றது.

பணத்தை மொத்தமாகத் தராமல் தவணையாகத் தர வேண்டும், அரசு மின் ஆய்வுத் துறையின் லிஃப்ட் உரிமம் கைக்கு வந்து ஒரு மாதம் சிக்கலின்றி ஓடும்வரை 10 சதவீதத்தை நிறுத்திவைக்க வேண்டும் என்ற திருமதி மேரியின் (ஏ-103) யோசனையை முன்மொழிந்தவரே ஏற்றுத் தீர்மானத்தில் சேர்த்துக்கொண்டார்.

தீர்மானம் 3: சி பிளாக்கின் இரண்டு லிஃப்ட்டுகளையும் ரூ. 27,00,000-க்கு மிகாமல் கார்பஸ் நிதியிலிருந்து மாற்ற நிர்வாகக் குழுவுக்கு அனுமதி அளிக்கப்படுகிறது. பணம் தவணைகளில் தரப்படும். 10 சதவீதம் மேற்கண்டபடி நிறுத்திவைக்கப்படும். ஒரு நேரத்தில் ஒரு லிஃப்ட் மட்டுமே கழற்றப்படும்.
முன்மொழிந்தவர்: திருமதி கனகா (சி-501). வழிமொழிந்தவர்: செல்வராஜ் (பி-302).
ரகசியச் சீட்டு வாக்கெடுப்பு. எண்ணியவர்கள்: தாமஸ் (ஏ-801), திருமதி நூர்ஜஹான் (பி-104). இருந்த வாக்குகள் 60, தேவை 45. ஆதரவு 46, எதிர்ப்பு 11, வெற்றுச் சீட்டு 2, செல்லாதது 1.
தேவைக்கு மேல் ஒரே ஒரு வாக்கு என்பதால் திரு. ரமேஷ் மறு எண்ணிக்கை கோரினார். மறுபடி எண்ணியும் அதே கணக்கு வந்தது. நிறைவேறியதாகத் தலைவர் அறிவித்தார். சீட்டுகள் உறையிலிட்டு முத்திரையிடப்பட்டன; ஆறு மாதம் சங்க அலுவலகத்தில் இருக்கும்.

4. பராமரிப்புக் கட்டணம்

இப்போது சதுர அடிக்கு மாதம் ரூ. 4.00. இதை ரூ. 5.25 ஆக்க வேண்டும் என்பது குழுவின் முன்மொழிவு. லாரித் தண்ணீர், காவலர் ஒப்பந்தக் கட்டண உயர்வு, கார்பஸை மீண்டும் நிரப்புவது ஆகியவை காரணங்கள்.

1,460 சதுர அடி கொண்ட 12 வீடுகளுக்கு ரூ. 5.25 என்றால் மாதம் ரூ. 7,665 வரும், ஜிஎஸ்டி விலக்கு வரம்பான ரூ. 7,500 தாண்டிவிடும் என்று திருமதி நூர்ஜஹான் (பி-104) எடுத்துச் சொன்னார். சங்கத்தின் ஆண்டு வரவு ஏற்கெனவே ரூ. 20 லட்சத்துக்கு மேல் இருப்பதால் அப்புறம் பதிவு, ரிட்டர்ன் தாக்கல், 18 சதவீத வரி என்று எல்லாம் வரும். வரி முழுத் தொகைக்கா, மிகைத் தொகைக்கு மட்டுமா என்பதில் 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் மிகைத் தொகைக்கு மட்டும் என்று சொன்னாலும், அந்த வம்பே நமக்கு எதற்கு என்றார். குழு இதைக் கவனித்திருக்க வேண்டும் எனச் சிலர் குறைபட்டனர்.

திருத்தம் 4-அ: ரூ. 5.25 என்பதற்குப் பதில் ரூ. 4.75.
முன்மொழிந்தவர்: திருமதி நூர்ஜஹான் (பி-104). வழிமொழிந்தவர்: பாலாஜி (ஏ-704).
இருந்த வாக்குகள் 57. ஆதரவு 34, எதிர்ப்பு 20, நடுநிலை 3. ஏற்கப்பட்டது.

மொத்தப் பரப்பு 1,00,800 சதுர அடி என்பதால் 75 காசு உயர்வில் ஆண்டுக்கு ரூ. 9,07,200 கூடுதலாகக் கிடைக்கும், பெரிய வீட்டுக்கும் ரூ. 6,935-தான் வரும் என்று பொருளாளர் கணக்குச் சொன்னார்.

தீர்மானம் 4: 01-08-2025 முதல் பராமரிப்புக் கட்டணம் சதுர அடிக்கு ரூ. 4.75. கூடுதல் வரவில் ஆண்டுக்கு ரூ. 3,00,000 கார்பஸ் நிதிக்குச் செல்லும்.
முன்மொழிந்தவர்: ஜாபர் (சி-203). வழிமொழிந்தவர்: திருமதி மேரி (ஏ-103).
இருந்த வாக்குகள் 57. ஆதரவு 41, எதிர்ப்பு 13, நடுநிலை 3. நிறைவேறியது.

5. மொட்டை மாடியில் சோலார்

பொதுப் பயன்பாட்டுக்கு 30 கிலோவாட் சோலார் போடலாம், பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் குடியிருப்போர் சங்கங்களுக்குக் கிலோவாட்டுக்கு ரூ. 18,000 மானியம் உண்டு என்று திரு. தாமஸ் (ஏ-801) விளக்கினார். எதிர்ப்பு இல்லை. ஆனால் பி, சி பிளாக் நீர்க்கசிவு வேலை முடியாமல் மாடியில் துளை போடக் கூடாது என்பதில் எல்லாரும் ஒத்துப்போனதால் தள்ளிவைக்கப்பட்டது. தாமஸ், செல்வராஜ், திருமதி கனகா ஆகியோர் 30-09-2025-க்குள் அறிக்கை தருவார்கள். வாக்கெடுப்பு இல்லை.

6. நாய்கள்

லிஃப்ட்டில் நாய்களை அனுமதிக்கக் கூடாது என்று தீர்மானம் கொண்டுவர திரு. பாலாஜி (ஏ-704) கடிதம் கொடுத்திருந்தார். செல்லப்பிராணிகளுக்கு லிஃப்ட்டைத் தடை செய்ய குடியிருப்போர் சங்கங்களுக்கு அதிகாரம் இல்லை என்பது இந்திய விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டுதல். ஆகவே அதை வாக்கெடுப்புக்கு விட முடியாது எனத் தலைவர் தீர்ப்பளித்தார். பாலாஜியின் ஆட்சேபம் பதிவு செய்யப்படுகிறது. பதிலாகக் கீழ்க்கண்டது வந்தது.

தீர்மானம் 5: பொது இடங்களில் நாய்களைக் கயிற்றில் பிடித்தே அழைத்துச் செல்ல வேண்டும், அசுத்தத்தை வளர்ப்பவரே அகற்ற வேண்டும், தடுப்பூசிச் சான்றின் நகல் அலுவலகத்தில் தரப்பட வேண்டும். அபராதம் இல்லை.
முன்மொழிந்தவர்: திருமதி மேரி (ஏ-103). வழிமொழிந்தவர்: தாமஸ் (ஏ-801).
இருந்த வாக்குகள் 55. ஆதரவு 37, எதிர்ப்பு 12, நடுநிலை 6. நிறைவேறியது.

7. பிற விஷயங்கள்

சங்கம் 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவானது. 2022-ஆம் ஆண்டின் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்தால் நாம் செய்ய வேண்டியது என்ன என்று திரு. செல்வராஜ் கேட்டார். வழக்கறிஞரின் கருத்தை எழுத்தில் பெற்று ஆகஸ்ட் இறுதிக்குள் அனைவருக்கும் அனுப்புவதாகச் செயலாளர் ஒப்புக்கொண்டார்.

4 வீடுகளின் பாக்கி ரூ. 2,11,000. கதவில் பட்டியல் ஒட்டலாம் என்ற யோசனையைத் தலைவர் ஏற்கவில்லை. பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்பப்படும்.

விருந்தினர் வண்டி நிறுத்துமிடம் பற்றிய பேச்சு, நேரம் ஆகிவிட்டதால் நிர்வாகக் குழுவின் ஜூலைக் கூட்டத்துக்கு விடப்பட்டது.

பகல் 1.50-க்குக் கூட்டம் முடிந்தது. இக்குறிப்பில் ஆட்சேபம் இருந்தால் 20-07-2025-க்குள் செயலாளருக்கு எழுத்தில் தெரிவிக்கவும்.

(ஒப்பம்) இளங்கோ, செயலாளர்
(ஒப்பம்) வசந்தா, தலைவர்
06-07-2025