நாடி பிடித்து எண்ணுவோம்: எட்டாம் வகுப்பு அறிவியல் செயல்பாடு

தேவையானவை: விநாடி முள் உள்ள கடிகாரம், ஸ்கிப்பிங் கயிறு, நோட்டு, பேனா. நான்கு பேர் ஒரு குழு.

இதயம் ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் ரத்தம் தமனிகளுக்குள் வேகமாகத் தள்ளப்படுகிறது. அந்த அழுத்தத்தில் தமனியின் சுவர் ஒரு கணம் விரிந்து, பழைய நிலைக்குத் திரும்புகிறது. தோலுக்குச் சற்றுக் கீழே தமனி ஓடும் இடத்தில் விரலை வைத்தால் இது தெரியும், இதுதான் நாடித்துடிப்பு. ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கும் 'லப்-டப்' இரண்டும் சேர்ந்து ஒரு துடிப்பு. நலமாக இருப்பவருக்கு இதயத்துடிப்பும் நாடித்துடிப்பும் ஒரே எண்ணிக்கையில்தான் இருக்கும். அதனால்தான் நெஞ்சில் காது வைக்காமல் மணிக்கட்டிலேயே எண்ணிவிட முடிகிறது.

நாடியைக் கண்டுபிடிப்பது

இடது உள்ளங்கையை மேல் நோக்கி வையுங்கள். கட்டைவிரலின் அடியிலிருந்து நேராக மணிக்கட்டுக்கு வாருங்கள். அங்கே நடுவில் தசைநாண்கள் கம்பிபோலத் தட்டுப்படும். அவற்றுக்கும் கட்டைவிரல் பக்க எலும்புக்கும் இடையில் சின்னப் பள்ளம் இருக்கிறது. வலது கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் அதில் மெதுவாக வையுங்கள். அழுத்திப் பிடித்தால் தமனி நசுங்கி, துடிப்பு மறைந்துவிடும். கட்டைவிரலால் பார்க்க வேண்டாம். அதிலும் தமனி துடிப்பதால், எண்ணுவது மணிக்கட்டின் நாடியா கட்டைவிரலின் நாடியா என்ற குழப்பம் வரும்.

15 விநாடி எண்ணி 4-ஆல் பெருக்கினால் ஒரு நிமிடக் கணக்கு வந்துவிடும். முழு நிமிடமும் எண்ணினால் என்ன? ஓய்வில் இருக்கும்போது தாராளமாக எண்ணலாம், அதுவே துல்லியம். ஆனால் குதித்து முடித்த பிறகு அந்த ஒரு நிமிடத்துக்குள்ளேயே துடிப்பு வெகுவாக இறங்கிவிடக்கூடும்.

சோதனை

ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்த பிறகு முதல் கணக்கு. பின்பு எழுந்து நின்று ஒன்று. மைதானத்தில் 3 நிமிடம் நடந்து ஒன்று. கடைசியாக 1 நிமிடம் ஸ்கிப்பிங். நிறுத்திய உடனே ஒன்று, பிறகு உட்கார்ந்தபடி 1, 3, 5 நிமிடங்கள் கழித்து ஒவ்வொன்று.

ஆஸ்துமா, இதயக் கோளாறு, காய்ச்சல் உள்ளவர்கள் குதிக்க வேண்டாம். நேரம் பார்க்கும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் தலை சுற்றினாலோ நெஞ்சு வலித்தாலோ உடனே நிறுத்திவிட்டு ஆசிரியரிடம் சொல்லுங்கள்.

ஒரு குழுவின் முடிவுகள் (நிமிடத்துக்கு)

| மாணவர் | உட்கார்ந்து | நின்று | நடந்தபின் | குதித்தவுடன் | 1 நிமிடம் கழித்து | 3 நிமிடம் கழித்து | 5 நிமிடம் கழித்து |
|---|---|---|---|---|---|---|---|
| அ | 72 | 80 | 96 | 136 | 100 | 80 | 72 |
| ஆ | 84 | 92 | 108 | 156 | 128 | 104 | 88 |
| இ | 80 | 88 | 104 | 148 | 120 | 96 | 84 |
| ஈ | 100 | 92 | 108 | 152 | 124 | 100 | 84 |

அட்டவணையைப் படிப்போம்

முதலில் கண்ணை உறுத்துவது 'ஈ'யின் 100. உட்கார்ந்திருக்கும்போது 100, எழுந்து நின்றால் 92 என்றால் எங்கோ இடிக்கிறது. விசாரித்ததில், அவள் இடைவேளை முடிந்து மாடிப்படி ஏறி ஓடிவந்து, உட்கார்ந்த கையோடு எண்ணியிருக்கிறாள். ஆக, இது ஓய்வுநிலைக் கணக்கு இல்லை. அதை அழிக்காமல் அப்படியே வைத்து, பக்கத்தில் காரணத்தை எழுதுங்கள். மறுநாள் மீண்டும் எண்ணுங்கள்.

இன்னொன்று: எல்லா எண்களும் 4-ஆல் வகுபடுகின்றன. இதயம் அப்படிக் கணக்குப் பார்த்துத் துடிப்பதில்லை, நாம் பெருக்கியதன் விளைவு இது. ஒரு துடிப்பை விட்டுவிட்டால் விடையில் 4 குறையும். ஆகவே 84, 88 இரண்டுக்கும் நடுவே பெரிய வித்தியாசம் இருப்பதாக வாதாட வேண்டாம்.

முடிவுகள்

உடல் உழைப்பு கூடக் கூட நாடித்துடிப்பு கூடுகிறது. வேலை செய்யும் தசைகளுக்கு ஆக்ஸிஜனும் குளுக்கோஸும் அதிகம் வேண்டும். கார்பன் டைஆக்ஸைடு சீக்கிரம் வெளியேற வேண்டும். நரம்புகளும் அட்ரினலின் ஹார்மோனும் இதயத்தை விரைவுபடுத்துகின்றன.

குதிப்பதை நிறுத்தியதும் துடிப்பு சட்டென்று இறங்கி, பிறகு மெதுவாகத் தணிகிறது. 'அ'வுக்கு முதல் நிமிடத்தில் 36 குறைந்தது. அடுத்த இரண்டு நிமிடத்திலும் சேர்த்தே 20தான்.

'அ' கபடி அணியில் ஆடுபவள். தொடர்ந்து பயிற்சி செய்பவர்களின் இதயம் ஒரு துடிப்பில் அதிக ரத்தத்தைத் தள்ளும் என்பதால் ஓய்வில் குறைவாகத் துடிப்பது வழக்கம்தான். ஆனால் ஒருத்தியை வைத்து அதை நிரூபித்ததாக எழுதினால் மதிப்பெண் கிடையாது. வகுப்பில் விளையாடுபவர்கள், விளையாடாதவர்கள் எல்லாரின் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள்.

வளர்ந்தவர்களுக்கு ஓய்வில் நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை இயல்பு. சிறு குழந்தைகளுக்கு இதைவிட அதிகம்.

வீட்டில் செய்ய

1. காலையில் கண் விழித்ததும், படுக்கையை விட்டு எழுமுன் முழு நிமிடம் எண்ணுங்கள். வகுப்பில் கிடைத்த எண்ணோடு ஒப்பிட்டு, வேறுபாட்டுக்குக் காரணம் எழுதுங்கள்.
2. வீட்டில் பெரியவர் ஒருவருக்கும் சிறு குழந்தைக்கும், அவர்கள் சும்மா உட்கார்ந்திருக்கும்போது எண்ணுங்கள். தாத்தா பாட்டியைக் குதிக்கச் சொல்ல வேண்டாம்.
3. 'ஆ'வின் கணக்கை வரைபடமாக வரைந்து, அவள் 72-க்கு மேல் எத்தனை நிமிடம் இருந்தாள் என்று கேட்டால், இந்த அட்டவணையை வைத்துப் பதில் சொல்ல முடியுமா? ஏன்?