ஜனவரி 2026: நம் வீட்டு நினைவூட்டல் பட்டியல்

அம்மா, அப்பா, அண்ணா, மன்னி எல்லோருக்கும்,

அம்மா அனுப்பிய மாதக் காலண்டர் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டிலிருந்து தேதிகளை எடுத்து எழுதிவிட்டேன். இதே வரிசையில் நால்வர் கைபேசியிலும் நினைவூட்டல் போட்டிருக்கிறேன். பண்டிகை நாளன்று காலை மணி அடித்து யாருக்கும் பயனில்லை. பூ வாங்கவும் பணம் எடுக்கவும் முதல் நாளே அல்லவா போக வேண்டும்? அதனால் ஒவ்வொன்றுக்கும் வேலை எந்த நாளில் இருக்கிறதோ அந்த நாளில்தான் மணி அடிக்கும்.

படத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பெரிய ஆங்கிலத் தேதிகள் தெளிவாக இருக்கின்றன. கட்டத்தின் மூலையில் இருக்கும் சின்னத் தமிழ்த் தேதிகள் பல இடங்களில் மங்கிவிட்டன, 3-ம் 8-ம் ஒன்று போலவே தெரிகின்றன. ஆனால் கணக்கு எளிது: 14 வரை ஆங்கிலத் தேதியோடு 16 கூட்டினால் மார்கழித் தேதி, 15 முதல் 14 கழித்தால் தைத் தேதி. அதை வைத்து எல்லாக் கட்டங்களையும் சரிபார்த்துவிட்டேன். சிவப்பில் இருப்பவை ஞாயிறும் அரசு விடுமுறையும் மட்டுமே. இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகள் (10, 24) கறுப்பில்தான் இருக்கின்றன. அன்றும் வங்கி கிடையாது.

ஜனவரி 1, வியாழன் (மார்கழி 17). ஆங்கிலப் புத்தாண்டு, அரசு விடுமுறை, வங்கியும் மூடல். பிரதோஷமும் அன்றுதான். மணி: அன்று மாலை 4.

ஜனவரி 3, சனி (மார்கழி 19). ஆருத்ரா தரிசனம். களிக்கு அரிசியும் பாசிப்பருப்பும் வறுத்து உடைத்து வைக்கும் வேலை வெள்ளிக்கிழமை. ஏழு கறிக் கூட்டுக்குக் காய் வாங்குவதும் அன்றே. மணி: 2-ஆம் தேதி மாலை 5, மன்னிக்கு. பௌர்ணமி 2-ஆம் தேதி மாலையே தொடங்கி 3-ஆம் தேதி பிற்பகல் முடிகிறது. காலண்டரில் வெள்ளை வட்டம் 3-இல் இருக்கிறதே என்று அண்ணா அன்று இரவு திருவண்ணாமலை கிளம்ப வேண்டாம். கிரிவலம் என்றால் வெள்ளி இரவுதான்.

ஜனவரி 6, செவ்வாய். சங்கடஹர சதுர்த்தி. செவ்வாயில் வருவதால் அம்மா விடமாட்டார். மணி: காலை 6.

ஜனவரி 7, புதன். திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை. இது படத்தில் இல்லை, நான் சேர்த்தது. புஷ்ய பகுள பஞ்சமி அன்று வருகிறது. பஞ்சரத்னம் காலையிலேயே பாடிவிடுவார்கள். அப்பா போவதானால் கும்பகோணத்திலிருந்து விடியலிலேயே பஸ் ஏற வேண்டும். மணி: 6-ஆம் தேதி இரவு 8.

ஜனவரி 11, ஞாயிறு (மார்கழி 27). கூடாரவல்லி. அக்காரவடிசில். "முழங்கை வழிவார" நெய் வேண்டும் என்பதால் நெய் டப்பாவைப் பார்க்கச் சொல்லி 9-ஆம் தேதியே மணி.

ஜனவரி 14, புதன் (மார்கழி 30). போகி. படத்தில் அந்தக் கட்டத்தை உற்றுப் பார்த்தால் போகி என்ற எழுத்துக்குக் கீழே பொடியாக ஏகாதசி என்றும் போட்டிருக்கிறது. ஆக, அம்மாவுக்கு உபவாசம், மற்றவர்களுக்குப் போளி. போளியை அம்மாதான் தட்டுவேன் என்று நிற்பார். மன்னி, இந்த ஒரு முறை நீங்கள் பிடிவாதமாக வாங்கிக்கொள்ளுங்கள். பழைய டயர், பிளாஸ்டிக் எதையும் கொளுத்த வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். கரும்பு, மஞ்சள் கொத்து, இஞ்சிக் கொத்து வாங்க மணி: 13-ஆம் தேதி மாலை 6, அண்ணாவுக்கு.

இதே நாளுக்கு இன்னொரு மணி, காலை 10-க்கு. வங்கி. பட்டியலிலேயே முக்கியமானது இதுதான். 15, 16, 17 மூன்றும் விடுமுறை, 18 ஞாயிறு. நான்கு நாளும் வங்கி திறக்காது. அம்மாவின் நகைக் கடன் வட்டிக்குக் கடைசி நாள் 17 என்று ரசீதில் இருக்கிறது. புதன்கிழமைக்குள் கட்டியாக வேண்டும். செலவுக்கும் வாத்தியார் தட்சணைக்கும் பணத்தை அன்றே எடுத்துக்கொள்ளுங்கள். விடுமுறை நடுவில் ஏ.டி.எம்.களை நம்ப முடியாது.

ஜனவரி 15, வியாழன் (தை 1). பொங்கல். மாதப் பக்கத்தில் பானை வைக்கும் நேரம் இல்லை. சமையலறையில் தொங்கும் தினசரி காலண்டரில் பார்த்து அம்மா சொல்லட்டும். வியாழக்கிழமை எமகண்டம் காலை 6 முதல் 7.30, ராகு காலம் 1.30 முதல் 3. எமகண்டம் பார்ப்பதானால் ஆறு மணிக்குள் அல்லது ஏழரைக்குப் பிறகு. சங்கராந்தித் தர்ப்பணம் எந்த நாளில் என்று வாத்தியாரிடம் கேட்க அப்பாவுக்கு 10-ஆம் தேதி மணி வைத்திருக்கிறேன்.

ஜனவரி 16, வெள்ளி (தை 2). மாட்டுப் பொங்கல், திருவள்ளுவர் தினம், பிரதோஷம் மூன்றும் ஒரே கட்டத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. காலையில் கனுப்பிடி. மஞ்சள் இலையை முதல் நாளே பறித்து வையுங்கள், நானும் அங்கேதான் இருப்பேன். அண்ணாவுக்குத் தனி மணி: கனுச் சீர். போன வருஷம் போல "அப்புறம் அனுப்புகிறேன்" என்ற கதை வேண்டாம். தஞ்சாவூர்ப் பெரிய கோயில் நந்திக்கு அன்று காய்கனி அலங்காரம் செய்வார்கள். பிரதோஷமும் சேர்வதால் கூட்டம் நெரியும். போவதானால் சாயங்காலத்தைத் தவிர்த்துக் காலையிலேயே போய்விடலாம்.

ஜனவரி 17, சனி. காணும் பொங்கல், உழவர் திருநாள். பிள்ளைகளை வெளியே அழைத்துப் போவது உங்கள் பொறுப்பு. எனக்கு வேறு வேலை இருக்கிறது: 18 இரவு தாம்பரம் திரும்ப டிக்கெட் இல்லை. தட்கல் முதல் நாள்தான் திறக்கும், ஏ.சி. வகுப்புக்குக் காலை 10, படுக்கை வகுப்புக்கு 11. மணி: எனக்கும் அண்ணாவுக்கும் 9.50. இருவரும் இரண்டு கைபேசியில் முயன்றால் ஒன்றாவது கிடைக்கும்.

ஜனவரி 18, ஞாயிறு (தை 4). தை அமாவாசை. திதி அன்று முழுவதும் இருக்கிறது, குழப்பமில்லை. எள், தர்ப்பை, வாழைக்காய் வாங்க 17 மாலை மணி. அமாவாசைச் சமையல் முடிந்துதான் நான் கிளம்புவேன்.

ஜனவரி 24, 25, 26. நான்காம் சனி, ஞாயிறு, குடியரசு தினம். மறுபடி மூன்று நாள் வங்கி இல்லை. அப்பா 23 வெள்ளிக்கிழமை போய்வரட்டும். 24 சஷ்டி. 25 ரத சப்தமி: தலையில் வைத்துக் குளிக்க ஆளுக்கு ஏழு எருக்கிலை. சனி மாலை பறித்து வைக்கவில்லையென்றால் ஞாயிறு விடியலில் கொல்லையில் டார்ச் அடித்துத் தேட வேண்டியிருக்கும்.

ஜனவரி 27, செவ்வாய். தைக் கிருத்திகை. அம்மா விரதம்.

ஜனவரி 29 ஏகாதசி, 30 பிரதோஷம். வழக்கம் போல.

பிப்ரவரி 1, ஞாயிறு (தை 18). தைப்பூசம். பிப்ரவரிப் பக்கத்தை அம்மா இன்னும் அனுப்பவில்லை. ஆனால் மாதம் பிறந்ததுமே வருவதால் இதிலேயே சேர்த்துவிட்டேன். மன்னியின் தம்பி பழனிக்கு நடந்து போகிறாரே, அவர் எந்த நாள் கிளம்புகிறார் என்று சொன்னால் வழிச் செலவுக்குப் பணம் தர ஒரு மணி போட்டுவிடுகிறேன்.

விவேகானந்தர், நேதாஜி பிறந்த நாள்களும் பக்கத்தில் இருக்கின்றன. வேலை எதுவும் இல்லாததால் எடுக்கவில்லை. பச்சைப் புள்ளி வைத்த முகூர்த்த நாள்களைப் படத்தில் என்னால் பிரித்தறிய முடியவில்லை. அந்தப் பக்கத்தை வெளிச்சத்தில் வைத்து இன்னொரு முறை படம் எடுத்து அனுப்புங்கள் அம்மா, கீழ்ப் பகுதியும் தெரியும்படி.