எங்கள் வீட்டில் ஒரு மூலை காலியாகியிருக்கிறது

படத்தில் ஒன்றுமே இல்லையே என்று பெரிதாக்கிப் பார்க்க வேண்டாம். ஒன்றுமில்லாததைத்தான் எடுத்துப் போட்டிருக்கிறேன். எங்கள் படுக்கையறையில் ஜன்னலுக்கு இடப்பக்க மூலை அது. ஒன்பது வருடமாக அங்கே ஒரு புத்தக அலமாரி நின்றது. போன ஞாயிற்றுக்கிழமை அதைக் கூடத்துக்கு நகர்த்திவிட்டோம். அந்த இடத்துக்கு ஓர் ஆள் வரப்போகிறார். சின்ன ஆள்தான், ஆனால் இடம் நிறைய கேட்பார் என்கிறார்கள் அனுபவப்பட்டவர்கள்.

ஆமாம், நீங்கள் நினைத்தது சரி. நான் அம்மாவாகப் போகிறேன். இந்த வரியை நாலைந்து தடவை எழுதி, அழித்து, சுற்றிச் சுற்றி மறுபடி இதே வரிக்கு வந்து சேர்ந்திருக்கிறேன்.

இந்தச் சேதியைச் சொல்ல நம்மிடம்தான் எத்தனை சொற்கள்! மாசமாக இருக்கிறாள் என்போம். என் பாட்டி 'முழுகாமல் இருக்கிறாள்' என்பார், அதையும் குரலைத் தாழ்த்தித்தான். எதுவுமே நேராகப் போட்டு உடைக்கிற சொல் இல்லை. எல்லாம் பக்கத்தில் வந்து லேசாகத் தொட்டுவிட்டுப் போகிறவை. எனக்கு மிகவும் பிடித்தது 'விசேஷம்'. எப்போது, எப்படி, எத்தனையாவது மாதம், எதுவும் அதில் கிடையாது. நல்லது ஒன்று நடக்கிறது என்பது மட்டும் இருக்கிறது. அதே சொல்லின் பின்னால் ஒரு கேள்விக்குறி ஒட்டிக்கொண்டு, "என்ன, விசேஷம் ஏதாவது உண்டா?" என்று வரும்போது அது எங்கே போய்க் குத்தும் என்பதும் எனக்குத் தெரியும். அந்தக் கேள்விக்குச் சிரித்து மழுப்பிய வருடங்கள் உண்டு. எத்தனை வருடம் என்ற கணக்கு இங்கே வேண்டாம்.

இன்னும் அந்தக் கேள்வியின் முன்னால் நின்றுகொண்டிருப்பவர்கள், நின்று ஓய்ந்துபோனவர்கள், இழந்தவர்கள் சிலர் இதைப் படிப்பீர்கள். உங்களில் இரண்டு பேரிடம் முன்பே தனியாகச் சொல்லிவிட்டேன், கூட்டத்தோடு கூட்டமாகத் தெரியவேண்டாம் என்று. மற்றவர்களுக்கு: வாழ்த்து சொல்லியே ஆகவேண்டும் என்று எதுவும் இல்லை. பேசாமல் கடந்து போனாலும் நான் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன். நானும் இப்படிப்பட்ட பதிவுகளை அவசரமாகத் தள்ளிவிட்டுப் போனவள்தான்.

அலமாரி கதைக்கு வருகிறேன். என் கணவரும் தம்பியும் தூக்கினார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்து, "அந்தப் பக்கம் இடிக்குது, பார்த்து" என்று சொல்கிற வேலையைச் சிறப்பாகச் செய்தேன். அது நகர்ந்ததும் சுவரில் நீளமாக ஒரு பட்டை தெரிந்தது, மற்ற சுவர் எல்லாம் மங்கிப்போக, அது மட்டும் பெயின்ட் அடித்த நாளில் இருந்த நிறத்தில். கீழே ஒட்டடையோடு ஒட்டடையாக மூன்று பேனா மூடி, ஒரு கொலுசுத் திருகு, அப்புறம் ஒரு வெள்ளைச் சிப்பாய். சதுரங்கப் பலகையில் ஏழு சிப்பாய்தான் என்று ஒரு சட்டைப் பொத்தானை வைத்து நாங்கள் எத்தனையோ ஆட்டம் ஆடியிருக்கிறோம். (பொத்தானை வைத்து விளையாடியவர்தான் பெரும்பாலும் ஜெயித்தார். அது நானில்லை.) தம்பி அதைத் துடைத்துக் காலி மூலையில் நடுவாக நிறுத்தி வைத்தான். படத்தில் அடிப்பக்கம் உற்றுப் பார்த்தால் ஒரு வெள்ளைப் புள்ளி தெரியும், அதுதான். அலமாரி இருந்த இடத்தில் இனி எது வரும் என்பது இன்னும் முடிவாகவில்லை. தூளியா, தொட்டிலா என்று இரண்டு கட்சி நடக்கிறது. நான் நடுநிலை.

சரி, நீங்கள் கேட்கப்போவதற்கு வருகிறேன்.

தேதி சொல்லப்போவதில்லை. மருத்துவர்கள் 40 வாரம் என்று கணக்குப் போட்டு ஒரு தேதி தருவார்கள், எனக்கும் தந்திருக்கிறார்கள். ஆனால் 100 குழந்தைகளில் நாலைந்துதான் குறித்த நாளில் சரியாகப் பிறக்கும். அந்தத் தேதியை நான் இங்கே போட்டு, அன்றைக்குக் காலையிலிருந்து "என்ன ஆச்சு, இன்னும் இல்லையா?" என்று போன் அடிக்க ஆரம்பித்தால், என்னைவிட என் அம்மா பதறிப்போவார்.

ஆணா பெண்ணா என்பது எங்களுக்கும் தெரியாது. பெயர் பற்றி வீட்டுக்குள் பேசுவதோடு சரி. ஸ்கேன் படம் வராது. அந்தக் கறுப்பு வெள்ளையில் எது தலை, எது கால் என்று எனக்கே ஒருவர் விரல் வைத்துக் காட்டவேண்டியிருந்தது, ஆனால் காரணம் அதில்லை. இன்னும் முகம் பார்க்காத ஒருவருடைய முதல் படத்தை அவரைக் கேட்காமல் ஊருக்குக் காட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பிறந்த பிறகும் முகம் தெரிகிற படம் போடுவதாக இல்லை. பெரியவர் ஆனதும் அவரே போட்டுக்கொள்ளட்டும், போடாமலும் இருக்கட்டும்.

பிள்ளைத்தமிழில் பத்துப் பருவம் உண்டு. அதில் வருகை ஆறாவதாகத்தான் வரும். முதலில் பாடுவது காப்பு, இந்தப் பிள்ளையைக் காத்துக்கொடுங்கள் என்று. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தபோது ஏன் இந்த வரிசை என்று யோசித்ததே இல்லை. இப்போது நான் காப்பிலேயே இருக்கிறேன். கொஞ்ச நாள் இதிலேயே இருந்துகொள்கிறேன்.

நீங்கள் செய்யக்கூடியது சிறியதுதான். என்னையோ அவரையோ டேக் செய்து தனியாக வாழ்த்துப் பதிவு போடாதீர்கள். இதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குடும்பக் குரூப்பில் போடுவதும் வேண்டாம். அங்கே சொல்லவேண்டியவர்களுக்குச் சொல்லியாகிவிட்டது. சித்தி, உங்களைத்தான் சொல்கிறேன், அன்போடு. "எப்படி இருக்கே?" என்று தனியாக ஒரு வரி அனுப்பினால் சந்தோஷம். பதில் தாமதமாக வரும். சில நாள் வராமலும் போகும், அதில் பயப்பட ஒன்றுமில்லை, பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருப்பேன். உடம்பு எப்படி, என்ன சாப்பிடலாம், எது கூடாது என்பதற்கெல்லாம் ஒரு மருத்துவரும் இரண்டு அம்மாக்களும் இருக்கிறார்கள். மூன்று பேரும் ஏற்கெனவே ஒரே கருத்தில் இல்லை, நான்காவதாக ஒரு கருத்துக்கு இடமில்லை.

நல்ல சேதி வந்ததும் என் அக்காதான் சொல்வாள். இங்கே ஒரு வரி வரும், அவ்வளவுதான். அதுவரை நான் இந்தப் பக்கம் அதிகம் தென்படமாட்டேன். மெதுவாக இருக்கிறேன், நன்றாக இருக்கிறேன். நடுவில் காரணமில்லாமல் அழுகை வருகிறது, அதே வேகத்தில் சிரிப்பும் வருகிறது. அவர் இரண்டுக்கும் ஒரே மாதிரி தண்ணீர் கொண்டுவந்து தருகிறார்.

நேற்று இரவு விளக்கை அணைக்கப்போனபோது அந்தச் சிப்பாய் அங்கேயே நின்றுகொண்டிருந்தது. எடுத்துப் பெட்டியில் போட்டுவிடவா என்று அவர் கேட்டார். இருக்கட்டும் என்றேன். பொத்தானை வைத்தே இன்னும் கொஞ்ச நாள் ஆடிக்கொள்ளலாம்.