மருமகளுக்கு, சேனை தொடாத விரலோடு

மருமகளே,
சிவகாசியில் ஓர் அச்சகத்தின் மாடி அறையில் அமர்ந்து
பிறர் எழுதியவற்றில் பிழை திருத்திப் பிழைக்கிற உன் மாமன்
தன் கைப்பட எழுதும் முதல் வாழ்த்து இது என்பதால்,
இதில் எழுதியதைவிட அடித்தது அதிகம்.

பெயர்சூட்டு விழா அட்டைகளில் வரும் தேவதையை
நான் நன்றாகவே அறிவேன்.
அவளுக்குக் கொம்பு சரியாக முளைத்திருக்கிறதா,
சிறகின் மேல் எழுத்து ஏறிவிட்டதா என்று பார்த்து
ஒப்பமிட்டுக் கீழே அனுப்புவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
எல்லா வீட்டுக்கும் ஒரே தேவதை, ஒரே ரோஸ் நிறம்;
குழந்தையின் பெயர் மட்டும் மாறும்.
அவளை உனக்காக இரவல் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

நிலவையும் விட்டுவிட்டேன்.
நீ பிறந்தது திருக்கார்த்திகைக்கு மறுநாள், பௌர்ணமி;
மருத்துவமனையின் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே
அது முழுதாக வந்து நின்றது என்பதும் உண்மைதான்.
ஆனால் பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்களே
காப்பு, செங்கீரை, தால் என்று பருவம் பருவமாகப் பொறுத்திருந்து
ஏழாவதாகத்தான் அம்புலியை விளையாட அழைத்தார்கள்;
பிறந்து நான்கே நாளான உனக்கு,
ஒரு சாண் தொலைவுக்கு அப்பால் எல்லாமே மங்கலாகத் தெரிகிற உனக்கு,
நிலவைக் காட்டுவதில் என்ன அவசரம்?

இனிப்பை மறுத்தது நான் அல்ல, செவிலியர்.
தாய்மாமன் விரலால் சேனை தொட்டு வைக்க வேண்டுமென்று
உன் அம்மாச்சி எவர்சில்வர் டம்ளரில் சீனியைக் கரைத்து,
முந்தானையால் மூடி வார்டுக்குள் கொண்டுவந்திருந்தாள்.
"ஆறு மாதத்துக்குத் தாய்ப்பாலைத் தவிர
ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாதம்மா" என்று
குரலை உயர்த்தாமல் சொன்ன அந்தச் செவிலியர்
டம்ளரை வாங்கிச் சன்னல் திண்டில் வைத்தார்;
மாலைக்குள் எறும்புகள் அதைக் கண்டுபிடித்துவிட்டன.
சேனை வைப்பவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள்;
என் குணத்திலிருந்து நீ தப்பிவிட்டாய் என்பதில்
உன் தாய்க்குச் சற்று ஆறுதல் இருக்கலாம்.
உன் நாக்கில் முதலில் பட்டது அவளுடைய சீம்பால்,
மஞ்சளாக, கெட்டியாக, சில சொட்டுகள்.

ஆகவே, நான் கண்டதை மட்டும் எழுதுகிறேன்.
பழைய வேட்டித் துணியில் சுற்றி உன்னை வெளியே கொண்டுவந்தபோது
தோள் மடிப்பிலும் காதின் பின்புறத்திலும்
அரிசிமாவைக் குழைத்துப் பூசியது போல் ஒரு வெள்ளைப் படலம் ஒட்டியிருந்தது;
முதுகில் பூனைமயிர் படர்ந்திருந்தது;
நெருக்கிக்கொண்டு வந்த வழியின் வடிவில்
தலை பின்பக்கமாக நீண்டிருந்தது.
உன் எடை 2 கிலோ 700 கிராம்.
உச்சிக்குழியின் தோல் எழுவதும் தாழ்வதுமாக இருந்ததைக் கண்டு
நான்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
கண்ணீர் சுரக்க இன்னும் சில வாரங்கள் ஆகுமாம்;
கண்ணீர் இல்லாமலே நீ அழுதாய், குரலில் ஒரு குறையும் வைக்கவில்லை.
மறுநாள் காட்டுப்பீ போனாய்:
டப்பாவிலிருந்து கரண்டியால் வழித்து இயந்திரத்தில் இடுகிற
எங்கள் கறுப்பு மையின் அதே பளபளப்பு, அதே பிசுபிசுப்பு.
இவ்வளவு ஒற்றுமை கண்டதும்
இவள் எங்கள் தொழிலுக்கு வருவாளோ என்று ஒரு கணம் நினைத்தேன்.

பதினேழு மணி நேரம் வலியெடுத்துக் கிடந்த உன் தாய்
ஆணா பெண்ணா என்று கேட்கவில்லையாம்;
பிள்ளை அழுததா என்று மட்டும் கேட்டுவிட்டுக்
கண்ணை மூடிக்கொண்டாளாம்.
சின்ன வயதில் ஊசிக்குப் பயந்து
என் சட்டையைப் பிடித்துக்கொண்டு தெருவே கூடும்படி கத்தியவள் அவள்.

நீ வந்து சேர்ந்தது வியாழக்கிழமை பிற்பகல் 1.50 மணிக்கு.
இராகு காலமாயிற்றே என்று அம்மாச்சி முணுமுணுத்தாள்.
வியாழனுக்கு ஒன்றரை முதல் மூன்று என்பதை
வாரத்துக்கு ஒரு தாளாக ஆண்டு முழுவதற்கும் சரிபார்க்கிறவன் நான்;
அந்த ஒன்றரை மணி நேரத்தில் எங்கள் அச்சகத்தில்
எவரும் இயந்திரத்தை நிறுத்தி நான் பார்த்ததில்லை.
ஆடிப் பெருக்குக்கு முன்பே அடுத்த ஆண்டு நாட்காட்டி
எங்கள் மேசைக்கு வந்துவிடும் என்பதால்,
2026 டிசம்பர் 4, வெள்ளிக்கிழமை என்ற தாளை
நீ வயிற்றில் ஐந்து மாதமாக இருந்தபோதே படித்துவிட்டு,
அது யாருடைய நாள் என்று அறியாமல்
அடுத்த தாளுக்குப் போயிருக்கிறேன்.
நேற்று அதைத் தேடி எடுத்துப் பார்த்தேன்:
அன்று இராகு காலம் பத்தரை முதல் பன்னிரண்டு வரை.
உன் முதல் பிறந்தநாளின் ஒன்று ஐம்பது
எந்தக் காலத்துக்குள்ளும் சிக்கவில்லை என்று சொன்னவுடன்
பெருமூச்சு விட்டவள் அம்மாச்சி.

வார்டு வாசலில் உறவுக்காரர் ஒருவர் என் தோளைத் தட்டி,
உனக்கு முறைப்பெண் பிறந்திருக்கிறாள் என்று சிரித்தார்.
கேலிதான்; அக்கா தங்கைக்குப் பெண் பிறந்தால்
எங்கள் பக்கம் எவரும் தவறவிடாத கேலி.
அதையும் சன்னல் திண்டில், அந்த டம்ளருக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டேன்.
மருமகள் என்ற சொல்லில் 'மகள்' இருக்கிறது, எனக்கு அது போதும்.
மொட்டையடிக்கும்போதும் காது குத்தும்போதும்
நீ உட்கார என் மடி இருக்கும்;
வலியில் கடித்துவைக்க என் தோள் இருக்கும்;
அதற்கு மேல் உன்மீது எனக்கு முறை ஏதும் இல்லை.

உன்னை மடியில் கிடத்தியிருக்கும் அம்மாச்சியின் கைகளை,
ஒரு சாண் தொலைவுக்குள்தான் இருக்கின்றன, பார்த்துக்கொள்.
பத்தாவது வயதில், விடிவதற்கு முன்பே
தெருமுனையில் வந்து நிற்கும் தீப்பெட்டி ஆபீஸ் வண்டியில் ஏறிப்போய்,
கட்டையில் குச்சி அடுக்கிய கைகள் அவை.
இன்றும் உன் விரல்களை எண்ணும்போது
ஒவ்வொன்றையும் வரிசைக்குக் கொண்டுவருகிறவள் போல
நேராக நீட்டி வைத்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுகிறாள்.
அவள் நீட்டிய விரலை நீ உடனே மடக்கிக்கொள்கிறாய்.
அவள் மறுபடியும் முதலிலிருந்து எண்ணுகிறாள்.

உனக்கு இன்னும் பெயர் முடிவாகவில்லை.
கணுக்காலில் கட்டிய பட்டையில் உன் தாயின் பெயரே இருக்கிறது;
அதில் ஓர் ஒற்று விட்டுப்போயிருப்பதைக் கண்டும்
பேனாவை எடுக்காமல் இருந்தேன் என்பதை
என்னுடன் வேலை செய்பவர்கள் நம்பமாட்டார்கள்.

நாட்காட்டி வேலை மும்முரமாக நடக்கும் மாதம் இது;
மாலை ஆறு மணிக்கு எனக்கு ஷிப்ட் தொடங்குகிறது.
ஐந்து மணியிலிருந்து என் ஆள்காட்டி விரலை,
சிவப்பு மைக்கறை படிந்த இந்த விரலை,
சேனை தொடுவதற்கென்று சோப்புப் போட்டுக் கழுவியும்
ஒன்றுக்கும் பயன்படாமல் போன இதே விரலை,
தூக்கத்திலும் நீ இறுகப் பிடித்துக்கொண்டிருக்கிறாய்.
மெல்ல உருவிப் பார்த்தேன், நெற்றியைச் சுருக்கினாய்.
ஐந்து நாற்பது பஸ் போகும் சத்தம் கேட்கிறது.
போகட்டும், மருமகளே, ஆறேகாலுக்கு இன்னொன்று உண்டு.